‘ஒன்பது முப்பத்தொன்று நாற்பத்தைந்து’ – எந்த இடம் அது?

பாக் விரிகுடாவில் இழுவலை போட்டு ஓடிக்கொண்டிருக்கும் விசைப்படகு ஒன்று திடீரென்று நகர மறுக்கிறது. கடலடியில் எதிலோ வலை மாட்டிக்கொண்டது. மூழ்கிக் கிடக்கும் பழைய படகின் கூடாக இருக்கலாம். யாரோ அறுத்துவிட்டுப் போன நங்கூரமாகவும் இருக்கலாம். பாதி வலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மீதியை மேலே இழுத்துப் போடுகிறார்கள். டிரைவர் உடனே ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைப் பதிந்துகொள்கிறார். பின்னால் வரும் படகுகள் அதே இடத்தில் வலையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதே என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் குரல்பதிவு அனுப்புகிறார்.

“மாப்ள, எழுதிக்க. ஒம்பது, முப்பத்தொண்ணு, நாப்பத்தஞ்சு. எழுவத்தொம்பது, பதினாலு, இருவது. அந்தப் பக்கம் வலைய எறக்கிறாதீங்க.”

நல்ல மனதோடு சொன்ன சேதி. எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனாலும் இதைக் கேட்டு எழுதுகிறவர்கள் மூன்று விதமாக எழுத முடியும்:

```
9.3145, 79.1420
9°31'45"N  79°14'20"E
9°31.45'N  79°14.20'E
```

மூன்றும் வெவ்வேறு இடங்கள். டிரைவரின் கருவியில் இருந்தது மூன்றாவது. இரண்டாவதாக எழுதியவர் உண்மையான இடத்திலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளிக் குறித்திருக்கிறார். முதலாவதாக எழுதியவரின் புள்ளி 25 கிலோமீட்டருக்கு அப்பால், மண்டபம் கரைக்குச் சற்று வடக்கே போய் விழுகிறது. டிகிரி குறியும் நிமிடக் குறியும் புள்ளியும் கருவியின் திரையில் இருந்தன. வாயால் சொல்லும்போது அவை மூன்றும் உதிர்ந்துவிட்டன.

கடலில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. காட்டுக்குள் நடுகல் ஒன்றைக் கண்டவர், குளக்கரையில் பறவைக் கூடுகளைக் கண்டவர், பழைய கிணற்றைத் தேடிப் பிடித்தவர் என யார் தாம் கண்ட இடத்தை எண்ணாகப் பிறருக்குச் சொன்னாலும் இதே சிக்கல் காத்திருக்கிறது. ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்கு எளியதுதான். கையில் இருப்பது எந்த முறை என்று அறிவதில்தான் சறுக்கல் நேர்கிறது.

ஒரே இடம், மூன்று எழுத்து

பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு கோணங்கள் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு என்பது அட்சரேகை. இங்கிலாந்தின் கிரீனிச் வழியே செல்லும் கோட்டிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எவ்வளவு என்பது தீர்க்கரேகை. தமிழ்நாட்டுக்கு அட்சரேகை ஏறக்குறைய 8 முதல் 13½ டிகிரி வடக்கு. தீர்க்கரேகை 76 முதல் 80½ டிகிரி கிழக்கு.

ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 110 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய அளவை வைத்துக்கொண்டு ஒரு கிணற்றைக் காட்ட முடியாது. அதனால் டிகிரியை உடைக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படி உடைப்பது என்பதில்தான் மூன்று வழக்கங்கள் நிலைத்துவிட்டன.

முதலாவது, பழைய வழக்கம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. அறுபது அறுபதாகப் பிரிக்கும் முறை பாபிலோனியர் காலத்திலிருந்து வானியலில் வழங்கிவருவது. பழைய நில வரைபடங்கள், அரசிதழ்கள், தொல்லியல் அறிக்கைகள், கலைக்களஞ்சியங்கள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் இடம் இந்த முறையில் 10°46'58" வடக்கு, 79°07'54" கிழக்கு.

இரண்டாவது, கைபேசியின் வழக்கம். டிகிரியைத் தசமமாக எழுதிவிடுவது. அதே பெரிய கோயில் இங்கே 10.78278, 79.13167. கணினிக்கு ஒரே எண்ணாக இருந்தால்தான் கூட்டவும் கழிக்கவும் வசதி. கைபேசி வரைபடத்தில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் வருவது இந்த எண்தான்.

மூன்றாவது, கடலின் வழக்கம். டிகிரியும் நிமிடமும் முழு எண்ணாக இருக்கும். விநாடி என்ற பேச்சே இல்லாமல் நிமிடத்தின் மிச்சம் தசமமாக வரும். அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கடல் வரைபடத்தின் ஓரத்து அளவுகோலும் நிமிடத்தையும் அதன் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். மாலுமி அதில் கவராயத்தை வைத்தே தூரத்தை அளந்துவிடுவார். நிமிடத்தையும் மைலையும் சேர்த்தே எண்ணுகிறவர்களுக்கு ‘31.45 நிமிடம்’ என்பதுதான் இயல்பு. கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் பலவும் வாங்கும்போதே இந்த முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. நிலத்தில் கைபேசியோடு மட்டும் பழகியவர்களுக்கு இப்படி ஒரு முறை இருப்பதே பல சமயம் தெரிவதில்லை.

கணக்கு

நேரத்தை நினைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். ஒன்றரை மணி நேரம் என்பது கடிகாரத்தில் 1:30, தசமத்தில் 1.5. இதை 1.30 மணி என்று கால்குலேட்டரில் தட்டினால் பன்னிரண்டு நிமிடம் காணாமல் போகும். டிகிரிக்கும் இதே கதைதான்.

நம் டிரைவரின் எண்ணைக் கைபேசிக்குக் கொண்டுபோவோம். அவர் கருவியில் இருப்பது 9 டிகிரி, 31.45 நிமிடம். டிகிரியை அப்படியே விட்டுவிடலாம். நிமிடத்தை மட்டும் 60ஆல் வகுக்க வேண்டும். 31.45 ÷ 60 = 0.52417. அதை 9உடன் சேர்த்தால் 9.52417. தீர்க்கரேகையில் 14.20 ÷ 60 = 0.23667, 79உடன் சேர்த்தால் 79.23667. கைபேசியில் தட்ட வேண்டியது இதுதான்:

```
9.52417, 79.23667
```

விநாடியும் இருந்தால் ஒரு படி கூடும். ஒரு டிகிரிக்கு 60 × 60, ஆக 3,600 விநாடி. பெரிய கோயிலின் அட்சரேகையை எடுத்துக்கொள்வோம். 46 நிமிடம் ÷ 60 = 0.76667. 58 விநாடி ÷ 3600 = 0.01611. இரண்டையும் 10உடன் கூட்டினால் 10.78278. நிறைய இடங்களைப் பட்டியலாக வைத்திருப்பவர்கள் விரிதாளில் டிகிரி, நிமிடம், விநாடியை மூன்று தனிக் கட்டங்களில் இட்டு, நான்காவதில் ஒரே ஒரு சூத்திரம் எழுதினால் போதும்:

```
=A2+B2/60+C2/3600
```

திரும்பி வரும் வழியில் வகுத்தல் பெருக்கலாகிறது. தசமத்தில் 10.78278 என்று இருக்கிறது. முழு எண்ணான 10தான் டிகிரி. மிச்சமுள்ள 0.78278ஐ 60ஆல் பெருக்கினால் 46.967. கடல்முறையில் வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்திவிடலாம்: 10°46.967'. விநாடி வேண்டுமென்றால் 46ஐ நிமிடமாக எடுத்துவைத்து, மிச்சமுள்ள 0.967ஐ மறுபடி 60ஆல் பெருக்க வேண்டும். 58 வருகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். எந்த மாற்றத்தையும் இப்படித் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டால், தட்டும்போது நேர்ந்த பிழை அப்போதே அகப்பட்டுவிடும்.

வழியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இடையில் எண்ணைச் சுருக்கக் கூடாது. 0.36333 என்று வந்ததை ‘0.36 போதும்’ என்று விட்டால் கடலில் 370 மீட்டர் போய்விடும். மற்றொன்று, ஒற்றை இலக்க நிமிடத்துக்கும் விநாடிக்கும் முன்னால் பூஜ்யம் போட்டே எழுத வேண்டும். 79°7'54" என்பதைக் குறிகள் இல்லாமல் ‘79 754’ என்று யாராவது சேர்த்து எழுதிவிட்டால், அது 7 நிமிடம் 54 விநாடியா, 75 நிமிடம் 4 விநாடியா என்ற குழப்பம் வரும். 79°07'54" என்று எழுதும் பழக்கம் அதற்காகத்தான்.

தெற்கு அட்சரேகைக்குப் போனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் நிலநடுக்கோட்டைத் தாண்டி, டீகோ கார்சியா தீவுப் பக்கம் வரை போனதுண்டு. அந்தத் தீவு ஏறக்குறைய 7°18'48" தெற்கில் இருக்கிறது. தசமத்தில் தெற்கைக் காட்டக் கழித்தல் குறி போடுவது வழக்கம். முதலில் முழுவதையும் கூட்டி 7.31333 என்று ஆக்கிவிட்டு, அப்புறம்தான் குறி போட வேண்டும்: -7.31333. மேலே சொன்ன சூத்திரத்தின் டிகிரிக் கட்டத்தில் -7 என்று இட்டால், நிமிடமும் விநாடியும் எதிர்த்திசையில் கூடி -6.68667 என்ற விடை வரும். பிழை 69 கிலோமீட்டர்.

தவறு எந்தப் பக்கம் சாயும்?

கணக்குத் தவறைக் காட்டிலும், முறையை மாற்றி எடுத்துக்கொள்வதால் வரும் தவறுதான் அதிகம். அப்படி நேரும் இரண்டு தவறுகளுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கிறது.

நிமிடத்தையும் விநாடியையும் அப்படியே தசமமாக எழுதிவிடுவது முதல் தவறு. குரல்பதிவைக் கேட்டு 9.3145 என்று எழுதியவர் செய்தது இது. 31 நிமிடம் என்பது அரை டிகிரிக்கும் சற்று மேல். 0.31 என்பதோ மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாதது. அறுபதுக்கு இத்தனை என்பதை நூறுக்கு இத்தனை என்று வாசித்தால் எண் எப்போதும் சுருங்கத்தான் செய்யும். ஆகவே நம் பக்கத்தில், வடக்கு அட்சரேகையிலும் கிழக்குத் தீர்க்கரேகையிலும், இந்தத் தவறு செய்தவரின் புள்ளி உண்மையான இடத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும்தான் விழும். நம் எடுத்துக்காட்டில் 23 கிலோமீட்டர் தெற்கே, 10 கிலோமீட்டர் மேற்கே போயிற்று. பெரிய கோயிலை இப்படி 10.4658, 79.0754 என்று எழுதினால் புள்ளி 35 கிலோமீட்டர் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி வட்டாரத்தில் போய் உட்காரும். நிமிடம் 60ஐ நெருங்க நெருங்கத் தவறும் பெருகி, ஒரு திசையில் 44 கிலோமீட்டர் வரை போகும். நிமிடம் சிறியதாக இருந்தால் தவறும் சிறியது: 9°03' என்பதை 9.03 என்று எழுதியவர் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே பிசகுவார்.

நிமிடத்தின் தசமத்தை விநாடி என்று எடுத்துக்கொள்வது இரண்டாவது தவறு. 31.45 நிமிடத்தை 31 நிமிடம் 45 விநாடி என்று எழுதியவர் செய்தது இது. 0.45 நிமிடம் என்பது 27 விநாடிதான். அவர் 45 என்று கூட்டி எழுதியிருக்கிறார். இங்கே எண் எப்போதும் பெருகும். புள்ளி வடக்கிலும் கிழக்கிலும் தள்ளி விழும். நம் எடுத்துக்காட்டில் 18 விநாடி வடக்கே, 8 விநாடி கிழக்கே போயிற்று. ஒரு விநாடி சுமார் 31 மீட்டர் என்பதால் மொத்தம் 600 மீட்டர். இந்தத் தவறு ஒரு திசையில் முக்கால் கிலோமீட்டரைத் தாண்டாது.

நான் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது தவறுக்குத்தான். இருபத்தைந்து கிலோமீட்டர் பிசகினால், ஊர் தெரிந்தவர் யாராவது வரைபடத்தைப் பார்த்ததும் ‘இது மண்டபம் பக்கமாச்சே’ என்று கேட்டுவிடுவார். அறுநூறு மீட்டர் பிசகினால் யாருக்கும் ஐயம் வராது. புள்ளி அதே கடலில், அதே பகுதியில் விழுகிறது. எண்ணை நம்பிப் போகிறவர் அந்த இடத்தைச் சுற்றி ஒதுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, வலை மாட்டும் இடத்தின் மேலேயே படகைச் செலுத்துவார். காட்டுக்குள் நடுகல் தேடிப் போகிறவர் அறுநூறு மீட்டர் தள்ளி முட்புதரில் ஒரு பகல் முழுவதும் அலைந்துவிட்டு, ‘கல்லை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடவும் கூடும்.

ஆகவே யாராவது தந்த இடத்துக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லையென்றால், உடனே திரும்பிவிட வேண்டாம். வந்த எண்ணை மற்ற இரு முறைகளிலும் வாசித்துப் பாருங்கள். விநாடியாக எடுத்துக்கொண்டதை நிமிடத்தின் தசமமாக வாசித்தால் புள்ளி தென்மேற்கே சில நூறு மீட்டர் நகரும். முதலில் தேட வேண்டிய இடம் அது.

அறுபது என்னும் சாட்சி

எண்ணைப் பார்த்தே முறையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நிமிடமும் சரி, விநாடியும் சரி, 60ஐத் தொடவே தொடாது. தொட்டால் அது மேலே உள்ள அளவுக்கு ஏறிவிடும். ஆகவே விநாடி என்று நினைத்த இடத்தில் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது விநாடி இல்லை.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆவணமே சான்று. 1974ஆம் ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான எல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுக்கிறது. நான்கு புள்ளிகளில் முழு நிமிடங்கள்தான். அவற்றில் குழப்பத்துக்கு இடமில்லை. மூன்றாவதும் நான்காவதும் தசம நிமிடத்தில் இருக்கின்றன. கச்சத்தீவுக்கு அருகிலுள்ள நான்காவது புள்ளி 9°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு. இதை விநாடி என்று வாசிக்க முயன்றால் 80 விநாடி, 70 விநாடி என்று வரும். அப்படி ஒன்று கிடையாது. எண்ணே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சரியான மாற்றம் 9°21'48", 79°30'42". தசமத்தில் 9.36333, 79.51167. இதையே யாராவது 9.2180, 79.3070 என்று கைபேசியில் தட்டினால், எல்லைப் புள்ளி ராமேசுவரம் கோயிலுக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும்.

மூன்றாவது புள்ளி இன்னும் நுட்பமானது: 9°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு. அட்சரேகையை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. 40 நிமிடம் 15 விநாடி என்று வாசித்தாலும் பொருந்தும். ஆனால் உண்மையில் அது 40 நிமிடம் 9 விநாடி. ஆறு விநாடிப் பிசகு, சுமார் 185 மீட்டர். பக்கத்திலுள்ள தீர்க்கரேகைதான் இங்கே சாட்சி சொல்கிறது. 22.60இல் 60 விநாடி இருக்க முடியாது. இரண்டும் ஒரே கையால், ஒரே முறையில் எழுதப்பட்டவை. ஒன்று தசமம் என்றால் மற்றதும் தசமம்தான். ஒரு பட்டியலில் பத்து இடங்கள் இருந்தால் பத்தையும் ஒருசேரப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் 60ஐத் தாண்டிய எண் ஒன்று கண்ணில் பட்டால், பட்டியல் முழுவதுக்கும் விடை கிடைத்துவிடும்.

இந்தச் சாட்சி எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால், அது 60க்குக் கீழே விழ நூற்றுக்கு அறுபது வாய்ப்பு இருக்கிறது. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் சேர்ந்தே கீழே விழ நூற்றுக்கு முப்பத்தாறு. நம் டிரைவரின் 45ம் 20ம் அப்படி விழுந்தவைதான். எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் விடை கிடைக்காது. அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும்.

அச்சில் வரும் எண்களுக்கும் ஒரு சோதனை உண்டு. டிகிரிக் குறி நகலெடுக்கும்போது பூஜ்யமாக மாறிவிடுவதுண்டு: 9°31' என்பது 90 31' என்று ஆகிவிடும். அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பது நினைவிருந்தால் இது உடனே பிடிபடும். முன்பின் மாறினாலும் அப்படித்தான். வழக்கத்தில் அட்சரேகையே முதலில் வரும். சில கணினிக் கோப்புகளில், குறிப்பாக கே.எம்.எல். கோப்பில், தீர்க்கரேகை முதலில் இருக்கும். நம் பகுதியில் 79 முதலில் வந்தால் அது மாறிக் கிடக்கிறது என்று பொருள். அப்படியே தட்டினால் வரைபடம் நம்மை வட துருவத்துப் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

எத்தனை இலக்கம்?

சில செயலிகள் தசமத்துக்குப் பின் பதினான்கு இலக்கம் வரை காட்டுகின்றன. அவ்வளவும் தேவையில்லை. நான்காவது தசம இடம் தரையில் 11 மீட்டர், ஐந்தாவது 1.1 மீட்டர். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைபேசியே சுமார் 5 மீட்டர் வரைதான் துல்லியம் காட்டும். ஐந்து இலக்கம் தாராளம். நிமிடத்தில் என்றால் மூன்று தசம இடம் 1.8 மீட்டர், விநாடியில் என்றால் ஒரு தசம இடம் 3 மீட்டர்.

தசம நிமிடத்தை மூன்று இலக்கத்தில் எழுதுவதில் இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. 31.45 என்பதை 31.450 என்று எழுதிப் பாருங்கள். மூன்று இலக்கத்தில் விநாடி வராது. அதனால் 450ஐ யாரும் விநாடி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு பூஜ்யம் அறுநூறு மீட்டர் பிசகை அடைத்துவிடுகிறது.

பழைய வரைபடத்திலிருந்து எடுக்கும் எண்ணுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கணக்கைப் பின்பற்றியவை, இன்றைய ஜி.பி.எஸ். பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டிலும் ஒரே எண் தரையில் நூறு மீட்டருக்கும் கூடுதலாகத் தள்ளி விழக்கூடும். விநாடியைத் தசமமாக மாற்றுவதால் அந்த வேறுபாடு தீராது. எண் எந்த வரைபடத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் வழி.

அனுப்பும்போது

கருவியில் முறையை மாற்றிக்கொள்ளலாம். அமைப்புகளுக்குள் `Position Format` என்ற இடத்தில் பொதுவாக இந்த மூன்றும் இருக்கும்:

```
hddd.ddddd°
hddd°mm.mmm'
hddd°mm'ss.s"
```

மேலிருந்து கீழாக: தசமம், கடல்முறை, விநாடிமுறை. h என்பது திசை எழுத்து. கைபேசிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் முதலாவதுக்கு மாற்றிவிட்டு எண்ணைப் படியுங்கள். கருவியே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும். கருவியில் கை வைக்க மனமில்லையென்றாலும் பரவாயில்லை. கூகுள் வரைபடத்தின் தேடல் பெட்டி கடல்முறையை நேரடியாகவே ஏற்கும். டிகிரிக்கும் நிமிடத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டால் போதும்:

```
9 31.450, 79 14.200
```

எழுத்தாக அனுப்புவதே நல்லது. குரலில் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும்: “ஒன்பது டிகிரி, முப்பத்தொன்று புள்ளி நான்கு ஐந்து பூஜ்யம் நிமிடம், வடக்கு. எழுபத்தொன்பது டிகிரி, பதினான்கு புள்ளி இரண்டு பூஜ்யம் பூஜ்யம் நிமிடம், கிழக்கு.” புள்ளிக்குப் பின் வருவதை ‘நாற்பத்தைந்து’ என்று சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னால், கேட்கிறவருக்கு விநாடி என்ற நினைப்பே வராது. கேட்டவர் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். கடலில் ஆபத்தென்று கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்க நேர்ந்தாலும் இப்படியே சொல்லலாம்.

எண்ணோடு ஊர் அடையாளம் ஒன்றையும் சேருங்கள். ‘ராமேசுவரத்துக்கு வடக்கே, சற்று மேற்கே தள்ளி, 15 கடல் மைல்.’ வாங்கியவர் வரைபடத்தில் தட்டிப் பார்க்கும்போது புள்ளி மண்டபத்தை ஒட்டி நின்றால், இருபத்தைந்து கிலோமீட்டர் பிசகு அந்த நிமிடமே வெளிப்பட்டுவிடும். ஆனால் அறுநூறு மீட்டர் பிசகை இந்த அடையாளத்தால் பிடிக்க முடியாது. அதற்குக் காவல், முறையைப் பெயர் சொல்லிக் குறிப்பதும் அந்த மூன்றாவது இலக்கமும்தான். நம் டிரைவர் அனுப்பியிருக்க வேண்டிய சேதி, ஆகவே, இப்படி இருக்கும்:

```
9°31.450'N  79°14.200'E  (தசம நிமிடம்)
9.52417, 79.23667  (கைபேசிக்கு)
ராமேசுவரத்துக்கு வடக்கே, சற்று மேற்கே, 15 கடல் மைல்.
கடலடியில் வலை மாட்டும் இடம்.
```

இரண்டு முறையிலும் எழுதியிருப்பதால், ஒன்றில் ஓர் இலக்கம் தவறினாலும் மற்றது அதைக் காட்டிக்கொடுக்கும். வாங்கியவர் 31.450ஐ 60ஆல் வகுத்துப் பார்த்தால் இரண்டாவது வரியோடு ஒத்துப்போகிறதா என்று தானே தெரிந்துகொள்வார். ஒத்துப்போகவில்லையென்றால் வலையை இறக்கும் முன் அனுப்பியவரைத் திரும்ப அழைத்துக் கேட்டுவிட வேண்டும்.